மூன்று விளையாட்டு, மூன்று பிழைச் செய்தி: எதை இன்ஸ்டால் செய்வது?

இலைக்கூடை (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது பச்சை இலைக் கணக்கை எக்செல்லில் போடுவது மட்டும்தான். எட்டாவது படிக்கும் பையனுக்காகப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். இரண்டாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம். விற்றவர் விண்டோஸ் 10 புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

குன்னூரில் இருக்கும் மச்சான் பென் டிரைவில் மூன்று விளையாட்டுகளைக் காப்பி செய்து கொடுத்தான். மூன்றுமே இலவசமாகக் கிடைப்பவைதான். ஒன்றும் சரியாக ஓடவில்லை.

முதலாவது பழைய பைக் ரேஸ். திறந்தால் இப்படி வருகிறது:

```
The code execution cannot proceed because d3dx9_43.dll was not found.
```

அந்தப் பெயரைத் தேடி ஒரு தளத்திலிருந்து ஃபைலை இறக்கி, விளையாட்டு ஃபோல்டரிலேயே போட்டேன். இப்போது அந்தச் செய்தி போய்விட்டது, பதிலுக்கு `0xc000007b` என்று வேறு ஒன்று வருகிறது.

இரண்டாவது, தீவில் வீடு கட்டும் விளையாட்டு. திறக்கிறது, ஆனால் ஒரு அடி எடுத்து வைக்க இரண்டு விநாடி ஆகிறது. ஆரம்பத்தில் யூனிட்டி என்று படம் வருவதைப் பார்த்துவிட்டு, "அந்த எஞ்சினை இன்ஸ்டால் பண்ணணும்பா" என்கிறான் பையன்.

மூன்றாவது திறக்கவே இல்லை:

```
A D3D11-compatible GPU (Feature Level 11.0, Shader Model 5.0)
is required to run the engine.
```

டிரைவர், ரன்டைம், எஞ்சின் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவை என்ன, ஏன் ஒவ்வொரு விளையாட்டும் வேறுவேறு கேட்கிறது? ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாதான், அதுவும் மாடி ஜன்னல் ஓரம் போனால்தான் சிக்னல். எதை இறக்குவது என்று தெரிந்துகொண்டுதான் இறக்க வேண்டும்.

---

வேகப்பயல்

ப்ரோ, ரொம்ப சிம்பிள். எல்லாம் டிரைவர் பிரச்சினைதான். எல்லா டிரைவரும் ஒரே பேக்காகக் கிடைக்கும், அதை இறக்கி மொத்தமாகப் போடுங்கள். அப்படியே டைரக்ட்எக்ஸ் 12 போட்டால் மூன்றாவதும் ஓடும்.

---

குன்னூர்_ஜெராக்ஸ்

டிரைவர் என்றால் எனக்குக் கைப்பாடம். போன மாதம் கடையில் புது பிரிண்டர் மாட்டினேன். கேபிள் போட்டும் எதுவும் வரவில்லை. கூட வந்த சிடியைப் போட்டதும்தான் அடித்தது. உங்கள் லேப்டாப்புக்கும் சிடி கொடுத்திருப்பார்களே, தேடிப் பாருங்கள். பிரிண்டரை யுஎஸ்பியில் மாட்டியிருக்கிறீர்களா, வைஃபையிலா?

---

இலைக்கூடை

என்னிடம் பிரிண்டர் இல்லைங்க. விளையாட்டுதான் ஓடவில்லை.

---

கட்டபெட்டு_அக்கா

இலைக்கூடை அண்ணா, எதையும் இறக்காதீர்கள், பொறுங்கள். நான் கோவையில் விளையாட்டு தயாரிக்கும் இடத்தில் பில்ட் வேலை பார்க்கிறேன். எழுதி முடித்த விளையாட்டை மற்றவர்கள் கம்ப்யூட்டரில் ஓடும்படி கட்டி அனுப்புவதுதான் என் வேலை. அதனால் நீங்கள் போட்ட மூன்று செய்திகளும் எனக்குத் தினமும் பார்க்கும் முகங்கள். மூன்றும் ஒரே நோய் இல்லை. முதலாவது ரன்டைம், இரண்டாவது டிரைவர். மூன்றாவது அனேகமாகச் சிப்பின் வயது.

முதலில் பைக் ரேஸ். விளையாட்டை எழுதுபவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. படத்தைத் திறந்து மெமரியில் ஏற்றுவது, கோணக் கணக்குப் போடுவது மாதிரி எல்லோருக்கும் தேவைப்படும் வேலைகளை மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸோடு சேர்ந்த ஒரு ஃபைலாகக் கட்டிக் கொடுத்திருந்தது. விளையாட்டு ஓடும் நேரத்தில் அந்த ஃபைலைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். ஓடும்போது கூட இருக்க வேண்டிய இந்த மாதிரி ஃபைல்களைத்தான் ரன்டைம் என்கிறோம்.

உங்களுக்கு வந்த பெயரின் கடைசியில் 43 இருக்கிறதல்லவா? இந்த ஃபைல் 24-இல் தொடங்கி 43 வரை ஒவ்வொரு எண்ணிலும் தனித்தனியாக வந்தது. 43 தான் கடைசி, 2010 ஜூனில் வந்தது. 36-ஐ வைத்துக் கட்டிய விளையாட்டு 36-ஐத்தான் கேட்கும். 43 இருந்தாலும் அதைத் தொடாது. ஒரு விளையாட்டு ஓடுகிறது, அடுத்தது அதே மாதிரி ஒன்றைக் கேட்டு நிற்கிறது என்றால் காரணம் இதுதான். இந்தப் பழைய ஃபைல்கள் விண்டோஸ் 10-உடன் வருவதில்லை.

"மச்சான் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே" என்று கேட்பீர்கள். அங்கே அவர் இன்ஸ்டாலரை ஓட்டியிருப்பார். இன்ஸ்டாலர் இரண்டு வேலை செய்யும். விளையாட்டை ஒரு ஃபோல்டரில் வைக்கும், ரன்டைம் ஃபைல்களை விண்டோஸ் ஃபோல்டருக்குள் வைக்கும். பென் டிரைவில் உங்களுக்கு வந்தது முதல் பாதி மட்டும்.

ஆனால் நல்ல செய்தி ஒன்று உண்டு. பல விளையாட்டுகள் அந்த ரன்டைம் இன்ஸ்டாலரையும் தங்கள் ஃபோல்டரிலேயே சுமந்து வருகின்றன. விளையாட்டு ஃபோல்டரைத் திறந்து `_CommonRedist` அல்லது `Redist` என்று இருக்கிறதா பாருங்கள். உள்ளே `DirectX`, அதற்குள் `DXSETUP.exe` இருக்கலாம். இருந்தால் ஒரு எம்பி கூடச் செலவு இல்லை. இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே `directx_Jun2010_redist.exe`, கிட்டத்தட்ட 95 எம்பி.

அதற்கு முன் நீங்கள் இறக்கிய அந்த ஃபைலை விளையாட்டு ஃபோல்டரிலிருந்து அழித்துவிடுங்கள். கண்டிப்பாக.

---

இலைக்கூடை

அக்கா, அழித்துவிட்டேன். ஆனால் பெயர் அதேதானே, எழுத்துக்கு எழுத்து. பிறகு ஏன் ஏற்கவில்லை?

---

கட்டபெட்டு_அக்கா

பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. அதே பெயரில் 32 பிட்டுக்கு ஒரு ஃபைல், 64 பிட்டுக்கு ஒரு ஃபைல். 32 பிட் விளையாட்டு 64 பிட் ஃபைலை ஏற்ற முடியாது. மறுபுறமும் அப்படித்தான். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்கிறது, திறந்து பார்த்தால் ஆள் மாறியிருக்கிறது. அந்தக் குழப்பத்துக்குத்தான் பெரும்பாலும் `0xc000007b` வரும்.

சரிபார்க்க ஒரு பழைய தந்திரம் சொல்கிறேன். அந்த ஃபைலை நோட்பேடில் திறங்கள். முழுக்கக் கிறுக்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதல் சில வரிகளுக்குள் `PE` என்று இரண்டு எழுத்து தெரியும். அதன் பக்கத்தில் `L` இருந்தால் 32 பிட், `d` இருந்தால் 64 பிட். விளையாட்டின் exe-ஐயும் அப்படியே பாருங்கள். சேமிக்காமல் மூட வேண்டும், மறக்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. 64 பிட் விண்டோஸில் 64 பிட் ஃபைல்கள் `System32` ஃபோல்டரில் இருக்கும், 32 பிட் ஃபைல்கள் `SysWOW64` ஃபோல்டரில் இருக்கும். பெயர் தலைகீழ். கையால் காப்பி செய்பவர்கள் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இன்ஸ்டாலர் சறுக்காது. தெரியாத தளத்திலிருந்து இறக்கிய டிஎல்எல்லுக்குள் வைரஸ் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, அது தனி வயிற்றெரிச்சல்.

---

இலைக்கூடை

மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, அதனால் தாமதம்.

குப்பையில் கிடந்த ஃபைலைத் திரும்ப எடுத்து நோட்பேடில் பார்த்தேன். `PE` பக்கத்தில் `d` இருந்தது. பைக் ரேஸ் exe-இல் `L`. நீங்கள் சொன்னதே சரி! `_CommonRedist` உள்ளே `DirectX\Jun2010` இருந்தது. `DXSETUP.exe` ஓட்டினேன், ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. பிறகு இதை அடித்துப் பார்த்தேன்:

```
dir C:\Windows\SysWOW64\d3dx9_43.dll
```

ஃபைல் இருக்கிறது. பைக் ரேஸ் திறக்கிறது. ஆனால் ஓட்டம் மாட்டு வண்டி மாதிரிதான்.

---

வேகப்பயல்

டைரக்ட்எக்ஸ் 2010 போட்டால் உங்கள் டைரக்ட்எக்ஸ் 12 போய் 9 ஆகிவிடும் ப்ரோ, அதனால்தான் ஸ்லோ.

---

கட்டபெட்டு_அக்கா

இல்லை தம்பி. அது விண்டோஸில் இருக்கும் டைரக்ட்எக்ஸை மாற்றுவதில்லை. பழைய ஃபைல்களைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது, அவ்வளவுதான். டிரைவர் பற்றி நீ முதலில் சொன்னதில் பாதி சரி. மந்தத்துக்குக் காரணம் டிரைவராக இருக்கலாம். ஆனால் மொத்த பேக் வேண்டாம். தேவை ஒரே ஒரு டிரைவர், அதுவும் எது என்று பார்த்துவிட்டுத்தான்.

அண்ணா, ஒரு கேள்வி. லேப்டாப் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா?

---

இலைக்கூடை

இல்லையே! முதல் நாளிலிருந்தே முடியவில்லை. ராத்திரி கண் கூசுகிறது. பட்டன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

---

கட்டபெட்டு_அக்கா

பட்டன் நன்றாகத்தான் இருக்கும். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து `Device Manager` திறந்து, `Display adapters` கீழே என்ன பெயர் என்று பாருங்கள். `Microsoft Basic Display Adapter` என்று இருந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் சிப்புக்கு டிரைவரே இல்லை.

யூனிட்டி விளையாட்டிலும் சாட்சி கிடைக்கும். `C:\Users\` உள்ளே உங்கள் பெயர், அதற்குள் `AppData\LocalLow`, அதற்குள் தயாரிப்பாளர் பெயர், விளையாட்டுப் பெயர், கடைசியில் `Player.log`. விளையாட்டு பழையதாக இருந்தால் அதன் `_Data` ஃபோல்டரில் `output_log.txt` இருக்கும். `Renderer` என்ற வரியைக் காப்பி செய்து போடுங்கள். `AppData` மறைந்திருக்கும், முகவரிப் பட்டையில் அடித்தால் போகும்.

---

இலைக்கூடை

Device Manager-இல் நீங்கள் சொன்ன பெயரேதான். லாக்கில்:

```
Direct3D:
    Version:  Direct3D 11.0 [level 11.1]
    Renderer: Microsoft Basic Render Driver (ID=0x8c)
```

---

கட்டபெட்டு_அக்கா

பிடித்தாயிற்று. உங்கள் லேப்டாப்பில் படம் வரையவென்றே ஒரு சிப் இருக்கிறது. அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. வரைகிற வேலை முழுவதையும் ஐ5 தன் தலையில் போட்டுக்கொண்டு செய்கிறது. அதனால்தான் ஒரு அடிக்கு இரண்டு விநாடி.

ஏன் சும்மா இருக்கிறது என்றால், அதனிடம் பேச ஆள் இல்லை. ஒவ்வொரு தலைமுறைச் சிப்பும் வேறு கட்டளை மொழியில் வேலை செய்யும். உலகத்திலுள்ள அத்தனை சிப்புக்கும் விளையாட்டை எழுத முடியாது. அதனால் நிழல் எப்படி விழ வேண்டும், தண்ணீர் எப்படிப் பளபளக்க வேண்டும் என்கிற சின்னச் சின்ன நிரல்களைப் பொதுவான ஒரு இடைவடிவத்தில் கட்டி அனுப்புகிறோம். உங்கள் சிப் புரிந்துகொள்ளும் கட்டளையாக அதை அங்கேயே, ஓடும் நேரத்தில் மாற்றுவது டிரைவர். டிரைவர் இருந்தால் பிரிண்டரில் தாள் வரும் என்று ஜெராக்ஸ்காரர் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவருக்கு வேலை அதைவிட மிக அதிகம்.

டிரைவரைப் புதுப்பித்தால் முதல் ஆட்டம் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடுவதும் இதனால்தான். மாற்றி வைத்திருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாற்றும். இரண்டாவது தடவை சரியாகிவிடும்.

சரி, விண்டோஸ் 10 சாதாரணமாகத் தானே டிரைவரை இறக்கிக்கொள்ளும். உங்களுக்கு ஏன் இறக்கவில்லை? டேட்டா மிச்சம் பிடிக்க ஹாட்ஸ்பாட்டை மீட்டர் கணக்கில் வைத்திருக்கிறீர்களா? `Set as metered connection` என்று ஒரு பட்டன்.

---

இலைக்கூடை

ஆமாம் அக்கா! இரண்டே நாளில் டேட்டா தீர்ந்ததும் மச்சான்தான் போனில் சொல்லி அதைப் போட வைத்தான்.

---

கட்டபெட்டு_அக்கா

அதுதான் அடைத்து வைத்திருக்கிறது. மீட்டர் இருந்தால் விண்டோஸ் டிரைவரை இறக்காது. `Settings`, அதில் `Devices`, கீழே `Download over metered connections` என்று ஒரு டிக் இருக்கும். அதை மட்டும் போட்டுவிட்டு அப்டேட் தேடச் சொல்லுங்கள். டிரைவர் வந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட் மீட்டர் அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் முழுவதும் உங்கள் ஒன்றரை ஜிபியைத் தின்றுவிடும்.

பையன் கேட்ட எஞ்சினையும் சொல்லிவிடுகிறேன். யூனிட்டியை நீங்கள் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. விளையாட்டு ஃபோல்டரில் `UnityPlayer.dll` இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் அதுதான். காட்சியை அடுக்குவது, ஆள் சுவரில் முட்டினால் நிறுத்துவது, சத்தம் போடுவது, எந்தச் சாவி அழுத்தினார்கள் என்று கேட்பது எல்லாம் அதன் வேலை. பக்கத்தில் `_Data` என்று முடியும் ஃபோல்டரில் இந்த விளையாட்டுக்கே உரிய தீவும் வீடும் மரமும் இருக்கும். யூனிட்டியில் செய்த பத்து விளையாட்டு வைத்திருந்தால் பத்திலும் தனித்தனியாக ஒரு எஞ்சின் இருக்கும். இணையத்தில் யூனிட்டி என்று தேடினால் வருவது விளையாட்டு செய்பவர்களுக்கான பட்டறை. பல ஜிபி. தெரியாமல் இறக்கிவிடாதீர்கள்.

---

மழைக்காகிதம் (கொடைக்கானல்)

தேவையானதெல்லாம் எப்போதும் உள்ளேயே வரும் என்று சொல்ல முடியாது அக்கா. ஆர்பிஜி மேக்கர் விஎக்ஸ் ஏஸ் என்ற கருவியில் செய்த விளையாட்டு ஒன்றை நான் இறக்கினேன். திறந்ததும் `RPGVX Ace RTP is not found` என்றது. கேட்டால், அதில் செய்யும் விளையாட்டுகள் பல பொதுவான படங்களையும் இசையையும் ஒரே தொகுப்பிலிருந்து எடுக்குமாம். அந்தத் தொகுப்பைத் தனியாகத்தான் போட வேண்டியிருந்தது.

---

கட்டபெட்டு_அக்கா

சரியாகச் சொன்னீர்கள், எனக்கு நினைவே வரவில்லை. நெட் வேகம் குறைவாக இருந்த காலத்து யோசனை அது. பொதுவானதை ஒரு தடவை இறக்கிக்கொண்டால் ஒவ்வொரு விளையாட்டும் சின்னதாக இருக்கும். இலைக்கூடை அண்ணா மாதிரி ஜன்னல் ஓரம் நிற்பவர்களுக்கு அது இன்றைக்கும் வசதிதான்.

---

இலைக்கூடை

டிரைவர் வந்துவிட்டது! வெளிச்சம் குறைக்க முடிகிறது. பைக் ரேஸ் பறக்கிறது. தீவு விளையாட்டில் தரத்தைக் குறைத்து வைத்தால் நடக்க முடிகிறது. பையன் சோறு கூடத் தின்னவில்லை.

ஆனால் லாக்கில் ஒன்று உறுத்துகிறது.

```
    Version:  Direct3D 11.0 [level 10.1]
    Renderer: Intel(R) HD Graphics 3000 (ID=0x116)
```

முன்னே 11.1 இருந்தது, இப்போது 10.1. டிரைவர் போட்டதும் எண் குறைந்துவிட்டதே? வேகம் கூடியிருக்கிறது, எண் குறைந்திருக்கிறது. மூன்றாவது விளையாட்டு 11.0 கேட்கிறது. அது இன்னும் அதே செய்தியைத்தான் காட்டுகிறது. டிரைவரைக் கழற்றிவிட்டால் 11.1 கிடைத்து ஓடுமோ?

---

வேகப்பயல்

dxdiag அடித்துப் பாருங்கள் ப்ரோ. DirectX Version: DirectX 12 என்று இருந்தால் கண்டிப்பாக ஓடும். 11 கேட்பதற்கு 12 இருக்கிறதே.

---

இலைக்கூடை

DirectX 12 என்றுதான் இருக்கிறது. இன்னும் குழப்பம்.

---

கல்லாறு_பல்சக்கரம்

நான் மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் பேரப்பிள்ளை புண்ணியம். இந்த லெவல் விஷயம் எனக்கு இப்படிப் புரிகிறது, தப்பென்றால் அந்தப் பெண் திருத்தட்டும்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் இருக்கிறது. பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறும் இடமெல்லாம் அங்கே உண்டு. நீராவி எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கடித்துக் கடித்து ஏறும். குன்னூருக்கு மேலே ஊட்டிக்குப் பற்சட்டம் கிடையாது. அங்கே ஓடும் டீசலுக்குப் பல்சக்கரமும் கிடையாது. இரண்டுக்கும் அதே மீட்டர் கேஜ் தண்டவாளம்தான். டீசலைக் கொண்டுவந்து கல்லாறில் நிறுத்தினால் தண்டவாளத்தில் அழகாக உட்காரும், ஆனால் ஏறாது. எவ்வளவு கெட்டிக்கார டிரைவரை ஏற்றினாலும் ஏறாது. விண்டோஸில் இருக்கும் 12 தண்டவாளம், சிப்பில் இருக்கும் 10.1 பல்சக்கரம். சரிதானே?

---

கட்டபெட்டு_அக்கா

ஐயா, இதை நான் ஆபீசில் திருடிச் சொல்லப் போகிறேன்.

`dxdiag`-இல் முதல் பக்கத்தில் இருக்கும் 12 விண்டோஸின் எண். விண்டோஸ் 10 போட்ட எல்லோருக்கும் அதுதான் வரும். அண்ணா, `Display 1` பக்கத்துக்குப் போய் `Feature Levels` என்ற வரியைப் பாருங்கள். அதுதான் சிப்பின் எண். எச்டி 3000-க்கு 10_1-இல் தொடங்கிக் கீழே போகும், 11 இருக்காது. 2011-இல் வந்த சிப் அது. அடுத்த வருடம் வந்த எச்டி 4000-இல் 11_0 இருக்கிறது. ஒரே ஒரு வருட வித்தியாசத்தில் நீங்கள் இந்தப் பக்கம் நிற்கிறீர்கள், எரிச்சல்தான்.

எண் ஏன் குறைந்தது என்றால், முன்னே 11.1 என்று சொன்னது சிப் இல்லை. டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் ஒரு பொய்க் கார்டு காட்டும், அதன் வேலையை ஐ5 செய்யும். மென்பொருளால் எந்த வேலையையும் நடித்துக் காட்ட முடியும், நேரம்தான் ஆகும். ஐயா பாணியில் சொன்னால் ரயிலை ஆள் வைத்துத் தள்ளுவது. கல்லாறில் கூடத் தள்ளலாம், எப்போது குன்னூர் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. டிரைவர் வந்ததும் உண்மையான சிப் தன் உண்மையான எண்ணைச் சொன்னது.

டிரைவரைக் கழற்றினால் மூன்றாவது ஓடுமா என்றால், ஓடாது. அது அன்ரியல் எஞ்சினில் செய்தது. உங்களுக்கு வந்த வாசகம் அந்த எஞ்சின் எழுதி வைத்தது, விளையாட்டுக்காரர் எழுதியது இல்லை. யூனிட்டி கிடைத்ததை எடுத்துக்கொண்டு மெதுவாகவாவது ஓடியது. அன்ரியல் அந்தப் பொய்க் கார்டை ஒதுக்கிவிட்டு வேறு கார்டு தேடும். முதல் நாள் உங்களிடம் வேறு எதுவும் இல்லை. இப்போது இருப்பது 10.1. இரண்டு தடவையும் ஒரே செய்தி, காரணம் மட்டும் வேறு.

---

வேகப்பயல்

என் ஃபிரெண்ட் ஷார்ட்கட்டில் `-dx10` போட்டு ஒரு அன்ரியல் விளையாட்டை ஓட்டினான் அக்கா. என் கண்ணால் பார்த்தேன்.

---

கட்டபெட்டு_அக்கா

பார்த்திருப்பாய். அன்ரியல் 4-இன் பழைய பதிப்புகளில் 10-க்கும் வழி இருந்தது. அவற்றில் கட்டிய சில விளையாட்டுகள் அப்படி ஓடும். இங்கே வந்த வாசகம் 11.0, ஷேடர் மாடல் 5 என்று நேராகவே கேட்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் போட்டுப் பார்ப்பதில் டேட்டா செலவு ஒன்றும் இல்லை, அண்ணா வேண்டுமானால் பார்க்கட்டும்.

---

இலைக்கூடை

போட்டுப் பார்த்தேன். அதே செய்திதான்.

இன்னொன்று. கண்ட்ரோல் பேனலில் `Microsoft Visual C++` என்று ஏழு இருக்கின்றன. 2008, 2010, 2013 என்று வருடம் மாறி மாறி. டிஸ்கில் இடம் குறைவு. கடைசியை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமா?

---

குன்னூர்_ஜெராக்ஸ்

எடுக்காதீர்கள்! இப்போதுதான் எனக்குப் பேச விஷயம் வந்தது. நான் அப்படித்தான் சுத்தம் செய்தேன். மறுநாள் பில் போடும் மென்பொருள் `MSVCR100.dll` இல்லை என்றது. கடை நிறைய ஆள், பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் எடுக்கிற நாள் அது.

---

கட்டபெட்டு_அக்கா

அந்த 100 தான் 2010. 90 என்றால் 2008, 120 என்றால் 2013. இதுவும் ரன்டைம்தான், டைரக்ட்எக்ஸ் கதையேதான். எந்த வருடத்துக் கருவியால் நிரலைக் கட்டினார்களோ அந்த வருடத்து ஃபைலைத்தான் கேட்கும். 2015-இலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் இதை நிறுத்தியது. 2015, 2017, 2019, 2022 நான்குக்கும் ஒரே தொகுப்பு, ஃபைல் பெயரில் 140. அது மட்டும் புதியது பழையதற்கும் செல்லும், அதனால் அதில் சமீபத்தியது ஒன்று போதும். 2013 வரைக்குமானவை தனித்தனி. x86, x64 இரண்டும் வேண்டும். சேர்த்தாலும் உங்கள் டிஸ்கில் பெரிய இடம் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. 140 ஏற்கனவே இருக்கிறது என்று நம்பி விட்டுவிடவும் முடியாது. 2024-இல் எங்களுக்கே நடந்தது. புதிய கருவியால் கட்டி அனுப்பினோம். சிலருக்கு விளையாட்டு திறந்த உடனே மூடிக்கொண்டது, ஃபைல் இல்லை என்ற செய்தி எதுவும் இல்லை. விண்டோஸின் `Event Viewer` திறந்து பார்த்தால் விழுந்த இடம் `msvcp140.dll`. அவர்களிடம் அந்த ஃபைல் இருந்தது, ஆனால் பழைய பதிப்பு. கட்டிய கருவியைவிட ரன்டைம் பழையதாக இருக்கக் கூடாது. ஏற்கனவே இருந்தும் ஒவ்வொரு விளையாட்டும் மறுபடி `vc_redist.x64.exe` ஓட்டப் பார்ப்பது இதற்குத்தான். புதியது இருந்தால் பேசாமல் விலகிக்கொள்ளும்.

---

மழைக்காகிதம்

இதற்கு அந்த ஃபைல்களை விளையாட்டு ஃபோல்டரிலேயே வைத்து அனுப்பிவிடலாமே? யூனிட்டி எஞ்சின் வருகிற மாதிரி. யாரும் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பென் டிரைவில் காப்பி செய்தாலும் ஓடும்.

---

கட்டபெட்டு_அக்கா

140 ஃபைல்களை அப்படி வைக்க அனுமதி இருக்கிறது. சிலர் வைக்கிறார்கள். ஆனால் அப்புறம் அதில் பாதுகாப்புக் குறை ஒன்று கண்டுபிடித்தால் விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பதை ஒரே இடத்தில் திருத்திவிடலாம், ஐம்பது விளையாட்டு ஃபோல்டரில் கிடப்பதை யார் திருத்துவது? எங்கள் ஆபீசிலேயே இதில் இரண்டு கட்சி. நான் இன்ஸ்டாலர் கட்சி.

---

மழைக்காகிதம்

நான் பென் டிரைவ் கட்சி. கொடைக்கானலில் மழைக்காலம் இருந்து பார்த்தால் நீங்களும் மாறுவீர்கள்.

---

கல்லாறு_பல்சக்கரம்

தம்பி இலைக்கூடை, மூன்றாவது விளையாட்டுக்காக வேறு லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?

---

இலைக்கூடை

இலை விலை இருக்கிற இருப்புக்கு இப்போது இல்லைங்க ஐயா. வாங்கும்போது கடையிலேயே `dxdiag` அடித்து இரண்டாவது பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். பையனிடம் சொன்னேன், மச்சான் வீட்டுக்குப் போய் விளையாடிக்கொள்கிறேன் என்கிறான். அங்கே போனால் திரும்பி வர மாட்டானே என்பதுதான் என் கவலை.

`Download over metered connections` டிக்கை எடுத்துவிட்டேன் அக்கா. எடுப்பதற்குள் 600 எம்பி போய்விட்டது.